"ஸ்தாவரக்களிவுண்டு" – இரண்டு வரி சப்டைட்டிலுக்குள் பசவண்ணர் வசனம். உதவி தேவை

வரிவெட்டி | செவ்வாய், இரவு 10:40

வணக்கம் நண்பர்களே. கன்னட ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வட கர்நாடகக் கிராமங்களில் வசனங்கள் என்னும் பழைய கன்னடச் சிவபக்திக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களைப் பற்றிய படம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தாத்தா கோயில் திண்ணையில் உட்கார்ந்து, கன்னடச் சிவனடியார் பசவண்ணரின் வசனம் ஒன்றைச் சொல்கிறார். பாடவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்கிறார். காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

உள்ளவரு சிவாலயவ மாடுவரு
நானேனு மாடலி, படவனய்யா
என்ன காலே கம்ப, தேஹவே தேகுல
சிர ஹொன்ன களசவய்யா
கூடலசங்கமதேவா கேளய்யா
ஸ்தாவரக்களிவுண்டு, ஜங்கமக்களிவில்ல

இயக்குநர் இதற்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்திருக்கிறார். அதன் கடைசி வாக்கியம் இது: "நிலைத்து நிற்கும் பொருள்களுக்கெல்லாம் அழிவு உண்டு, இயங்கிக் கொண்டிருக்கும் உயிருக்கு என்றும் அழிவு இல்லை." தப்பே இல்லை. ஆனால் எனக்குக் கொடுத்த அளவு வரிக்கு 32 குறி, இரண்டே வரி, நொடிக்கு 15 குறி. தாத்தா அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூன்றரை நொடி. உடனே ஆற்றுக்குக் காட்சி மாறுகிறது, அதைத் தாண்டி எழுத்து நிற்கக் கூடாது. இரண்டு வரியாக உடைத்து எண்ணிப் பார்த்தேன்: 104 குறி. நொடிக்கு ஏறத்தாழ 30 வருகிறது. யாராலும் படிக்க முடியாது.

அதற்கு முந்தைய "கூடலசங்கமதேவா கேளய்யா" வேறு இருக்கிறது. இரண்டையும் ஒரே சப்டைட்டிலில் அடைக்கப் பார்த்து, கூடலசங்கமனை வெட்டினேன். மனசு கேட்கவில்லை, திரும்பப் போட்டேன். இப்போது பொருள் போகிறது. எப்படிச் சுருக்குவீர்கள்?

---

ஓசூர்க்காரி | செவ்வாய், இரவு 11:15

எங்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவோம், அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வரி கிட்டத்தட்ட தமிழ்தான். கன்னடத்தில் ழகரம் ளகரமாகிவிட்டது, அவ்வளவே. அளிவு என்றால் நம் அழிவு. அளிவுண்டு, அழிவுண்டு. அளிவில்ல, அழிவில்லை. உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு அது காதில் விழும். மேலே தாத்தா "அளிவுண்டு" என்னும்போது கீழே "அழிவுண்டு" என்று இருந்தால் கண்ணும் காதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் எதை வெட்டினாலும் அந்தச் சொல்லை மட்டும் வெட்டாதீர்கள் தம்பி. "அழியும், அழியாது" என்று மாற்றினாலும் பொருள் கிடைக்கும், ஆனால் அந்தக் கொக்கி கழன்றுவிடும்.

அந்த விதத்தில் இயக்குநர் கொடுத்த மொழிபெயர்ப்பு நல்லதுதான், அவர் அழிவை விடவில்லை. சுமை மற்ற சொற்களில் இருக்கிறது. "நிலைத்து", "எல்லாம்", "கொண்டிருக்கும்", "என்றும்" எல்லாம் உரை எழுதுகிறவர் விளக்கத்துக்காகப் போட்டவை. வசனத்தில் அவை இல்லை.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 11:32

சார், 104 என்பது தவறான எண்ணிக்கை. மெய்யெழுத்தின் புள்ளியையும், கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். "கு" நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு. எழுத்துக் கணக்கில் எண்ணினால் உங்களுக்கு நிறைய இடம் கிடைக்கும். பைதானில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```python
import unicodedata
s = "நிற்பதற்கு அழிவுண்டு,"
print(len(s))
print(sum(unicodedata.category(c)[0] != "M" for c in s))
```

முதல் விடை 21, இரண்டாவது 13. வாடிக்கையாளருக்கு இதை விளக்கி எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பை வெட்டவே தேவையில்லை.

---

வரிவெட்டி | செவ்வாய், இரவு 11:50

நன்றி, இதைச் சுலபமாக எண்ண இந்த வழி எனக்குத் தெரியாது. ஆனால் 32 என்ற வரம்பை வைத்திருப்பது அவர்கள் பக்கத்து நிரல். கோப்பு உள்ளே போகும்போது அது குறிகளைத்தான் எண்ணும், மீறினால் திருப்பி அனுப்பிவிடும். இன்னொன்று, எழுத்துக் கணக்கில் பார்த்தாலும் அந்த வாக்கியம் மூன்றரை நொடிக்குள் படிக்க முடியாததாகத்தான் இருக்கிறது. அலைபேசியில் ஓடவிட்டு மனைவியிடம் காட்டினேன். "உயிருக்கு" வரை படித்தாள், காட்சி மாறிவிட்டது. அழிவு உண்டு என்று மட்டும்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. வசனத்தின் பாதி அது, அதுவும் தப்பான பாதி.

ஓசூர் அக்கா, "அழிவு" என்ற சொல்லை வைக்கச் சொன்னது மிகச் சரி. அப்படியானால் அப்படியே தமிழாக்கிவிடலாமா?

தாவரத்துக்கு அழிவுண்டு,
சங்கமத்துக்கு அழிவில்லை.

முதல் வரி 23 குறி, இரண்டாவது 24. அளவு அழகாகப் பொருந்துகிறது.

---

ஓசூர்க்காரி | புதன், காலை 6:20

ஐயோ, வேண்டவே வேண்டாம்! இதைப் படிக்கிற பிள்ளைகள் "செடிகொடி அழிந்துவிடும், ஆறு கூடும் இடம் அழியாது" என்று நினைப்பார்கள். அடுத்த ஷாட் வேறு ஆறு என்கிறீர்கள்!

---

பழஞ்சுவடி | புதன், காலை 7:05

சகோதரி சொல்வது இன்றைய வாசகருக்குப் பொருந்தும். ஆனால் தாவரம், சங்கமம் இரண்டும் நம் சைவத் தமிழில் இதே பொருளில் பல நூற்றாண்டுகளாக வழங்கும் சொற்கள் என்பதை மறக்க வேண்டாம். சிவபுராணத்தில் "செல்லாஅ நின்ற இத் தாவர சங்கமத்துள்" என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். நிற்பன, இயங்குவன என்ற இரண்டு வகைக்குள் எல்லாப் பிறப்பும் அடங்கும் என்பது அங்கே பொருள். அதற்கு முன்னால் புல், பூடு, மரம் என்று வருவதால் இன்று ஓதுகிற பலர் அங்கேயே தாவரத்தைச் செடி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள், அது வேறு வருத்தம்.

வீரசைவத்தில் ஜங்கமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குரு, லிங்கம், ஜங்கமம் என்பதில் ஜங்கமம் ஓர் ஆள். ஓரிடத்தில் தங்காமல் ஊர் ஊராகப் போகும் சிவனடியார். நம்மிடமும் குரு, இலிங்க, சங்கம வழிபாடு என்று சொல்வது உண்டு, அங்கும் சங்கமம் என்பது அடியார்தான். ஆகவே பசவண்ணர் "நிற்பது, நகர்வது" என்று பொதுவாக ஒரு தத்துவம் சொல்லி நிறுத்தவில்லை. கல்லால் கட்டிய கோயிலை ஒரு பக்கமும், நடந்து திரியும் அடியாரை மறுபக்கமும் வைக்கிறார். இந்த இரண்டாவது பொருளை உங்கள் இரண்டு வரி எப்படித் தாங்கும் என்பதுதான் எனக்குக் கவலை.

---

பூசலாரடி | புதன், காலை 8:40

இதற்கு இவ்வளவு யோசிக்கணுமா? இது நம் பூசலார் நாயனார் கதைதானே. அவரிடமும் பொருள் இல்லை, மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார், காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில் சிவன் இவர் கோயிலுக்கு வந்தார். திருநின்றவூரில் இன்றும் அவருக்கு மரியாதை உண்டு. அதனால் "கல்லில் கட்டிய கோயில் அழியும், மனசில் கட்டிய கோயில் அழியாது" என்று போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

---

ஓசூர்க்காரி | புதன், காலை 9:10

புரிந்துவிடும் ஐயா, ஆனால் புரிவது வேறொன்று. இந்த வசனத்தில் மனசு என்ற சொல்லே கிடையாது. கால், உடம்பு, தலை. மூன்றும் கையால் தொடக்கூடியவை. பூசலார் உள்ளே கட்டினார். இவர் கட்டவே இல்லை, "நானே இங்கே நிற்கிறேன், என்னைப் பார்" என்கிறார். "காலே கம்ப" என்னும்போது அந்தத் தாத்தா தொடையைத் தட்டியிருப்பார் பாருங்கள். எங்கள் பக்கத்தில் சொல்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

---

வரிவெட்டி | புதன், காலை 9:25

தட்டுகிறார் அக்கா! தொடையில் இரண்டு தட்டு. இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் சொன்ன பிறகுதான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். "ஸ்தாவரக்கே" என்னும்போது வலது கை பின்னால் இருக்கும் கோயில் சுவரைக் காட்டுகிறது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. "ஜங்கமக்கே" என்னும்போது அதே கை தன் நெஞ்சுக்கு வருகிறது. மூன்று நாளாக எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையைப் பார்க்கவில்லை.

---

பழஞ்சுவடி | புதன், முற்பகல் 11:00

கை அப்படிப் போகிறதென்றால், திருமூலரிடம் உங்களுக்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது. "படமாடக் கோயில் பகவற்கொன்று ஈயில், நடமாடக் கோயில் நம்பர்க்கங்கு ஆகா" என்று ஒரு மந்திரம். கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியாருக்குப் போய்ச் சேராது, அடியாருக்குக் கொடுத்தால் கடவுளுக்குச் சேர்ந்துவிடும் என்பது கருத்து. நடமாடும் கோயில் என்றால் அடியார். பசவண்ணரின் ஜங்கமத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆகவே:

நிற்கும் கோயில் அழியும்,
நடமாடும் கோயில் அழியாது.

---

கணக்குப்பிள்ளை | புதன், முற்பகல் 11:20

இது நன்றாக இருக்கிறது ஐயா. எண்ணிப் பார்த்தேன், இரண்டு வரியும் சரியாக 24, 24. மொத்தம் 48. 15ஆல் வகுத்தால் 3.2 நொடி, மூன்றரைக்குள் வந்துவிடுகிறது. நேற்று வெட்டவே வேண்டாம் என்று சொன்னேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். வெட்டிய பிறகுதான் நன்றாக இருக்கிறது.

---

திரைப்பாடல் | புதன், மதியம் 1:30

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குத் திரையில் பாட்டு வரிகள் போடுவது என் வேலை. மலையாளத்திலிருந்து தமிழாக்கிய பாமாலைகளும் போடுவோம். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அசைக் கணக்கு. மூலத்தில் எத்தனை அசையோ தமிழிலும் அத்தனை இருந்தால்தான் ராகத்தில் உட்காரும். "ஜங்கமக்களிவில்ல" ஏழு அசை என்று வைத்தால் "நடமாடும் கோயில் அழியாது" கொஞ்சம் இடிக்கும். மக்கள் சேர்ந்து பாடும்போது தடுமாறுவார்கள்.

---

வரிவெட்டி | புதன், மதியம் 2:05

இதை யாரும் பாட மாட்டார்கள் நண்பரே, படிக்க மட்டும்தான். தாத்தாவும் பாடவில்லை. அதனால் அசை பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வரியை எங்கே உடைப்பீர்கள்?

---

திரைப்பாடல் | புதன், மதியம் 2:30

மன்னிக்கவும், பாட்டு என்று நினைத்துவிட்டேன். உடைப்பது எப்போதும் மூச்சு விடும் இடத்தில்தான். இடம் மிச்சமிருக்கிறதே என்று அடுத்த வரியின் முதல் சொல்லை மேலே ஏற்றினால் பாடுகிறவர்கள் அங்கே மூச்சு வாங்கிவிடுவார்கள். "அழியும் நடமாடும்" என்று ஒரே வரியில் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தாத்தா நடுவில் நிறுத்துகிறார் என்றீர்களே, அங்கேதான்.

இன்னொரு கேள்வி. அவர் நிறுத்தும் முன்பே கீழ்வரியைக் காட்டிவிட்டால் அவர் சொல்லப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுமே? நாங்கள் சில பாட்டுகளில் கடைசி அடியை வேண்டுமென்றே தனித் திரையில் போடுவோம்.

---

வரிவெட்டி | புதன், மாலை 6:45

நல்ல கேள்வி, செய்து பார்த்தேன். மேல்வரியைத் தனியாக, கீழ்வரியைத் தனியாக, தலைக்கு ஒன்றே முக்கால் நொடி. படிக்க முடிகிறது. ஆனால் "நடமாடும் கோயில் அழியாது" வரும்போது "நிற்கும் கோயில்" திரையில் இல்லை. ஒன்றுக்கு ஒன்று எதிர் என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது "நிற்கும்" கீழே "நடமாடும்", "அழியும்" கீழே "அழியாது" என்று கண் தானாக ஒப்பிட்டுவிடுகிறது. அந்த ஒப்பீட்டுக்கு நேரமே ஆவதில்லை. முன்கூட்டித் தெரிந்துவிடும் என்ற இழப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இந்த இடத்தில் சேர்த்தே வைப்பேன். கதையில் யார் கொலைகாரன் என்று சொல்லும் வசனமாக இருந்தால் உடைத்திருப்பேன்.

---

ஓசூர்க்காரி | புதன், இரவு 9:00

நாள் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பழஞ்சுவடி ஐயாவின் வரி அழகு, ஆனால் எனக்கு இரண்டு தடை இருக்கிறது.

ஒன்று, கோயில் என்ற சொல் கடைசி வரியில் இல்லை. "தேகுல" முந்தின அடியிலேயே வந்து முடிந்துவிட்டது. இங்கே பசவண்ணர் கோயிலை விட்டுப் பெரிதாகப் போகிறார். நிற்பது எதுவானாலும் அழியும். கோயில், அரண்மனை, தேர் நிலை, எல்லாம். கல்யாண நகரத்து அரசனிடம் வேலை பார்த்தவர் சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "நிற்கும் கோயில்" என்று போட்டால் அதைக் கோயிலுக்குள்ளேயே அடைத்துவிடுகிறோம்.

இரண்டு, "நடமாடும் கோயில்" என்றால் படம் பார்ப்பவர் உடம்பு என்றுதான் எடுப்பார், ஏனென்றால் இப்போதுதான் "உடலே கோயில்" என்று படித்தார். உடம்பு அழியாதா? எண்பது வயதுத் தாத்தா நெஞ்சில் கை வைத்து உடம்பு அழியாது என்கிறாரா? திருமூலரைத் தெரிந்தவருக்கு நடமாடும் கோயில் அடியார். தெரியாதவருக்கு அது பொய்யான ஒரு வாக்கியம்.

---

பழஞ்சுவடி | புதன், இரவு 9:40

இரண்டாவது தடை எனக்கு உறைக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமானால் "நிலையானது அழியும், நிலையற்றது அழியாது" என்று முரணாகவே வைக்கலாமா? நிலையானது என்று நாம் நம்புவதைத்தானே அவர் உடைக்கிறார்.

---

வரிவெட்டி | புதன், இரவு 10:15

அதை நானும் முதல் நாளே எழுதிப் பார்த்தேன் ஐயா. தமிழில் நிலையானது என்றாலே அழியாதது. "நிலையானது அழியும்" என்று படித்ததும் ஆள் நின்றுவிடுகிறார், எழுத்துப்பிழையோ என்று யோசிக்கிறார். புத்தகத்தில் அப்படி நிற்க வைப்பது நல்லது. மூன்றரை நொடியில் நின்றால் கீழ்வரி போய்விடும். கன்னடத்தில் ஸ்தாவரத்துக்கு "அழியாதது" என்ற பொருள் கிடையாது. வெறுமனே நிற்பது, நகராதது. நம்மிடமும் அசையாச் சொத்து என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அந்த மாதிரி.

அக்காவின் முதல் தடையை ஏற்றுக்கொண்டு கோயிலை எடுத்துவிட்டேன். கோயிலைத்தான் தாத்தாவின் கை காட்டுகிறதே, எழுத்தும் அதையே சொல்ல வேண்டியதில்லை. "அழிவு" திரும்ப வந்துவிட்டது. இப்போது இரண்டு வடிவம் கையில் இருக்கிறது:

நிற்பதற்கு அழிவுண்டு,
நடப்பதற்கு அழிவில்லை.

அல்லது கீழ்வரி மட்டும்: நடமாடுவதற்கு அழிவில்லை.

முதல் வடிவம் 21, 21. அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. ஆனால் "நடப்பது" எனக்கு நெருடுகிறது. நடப்பது நன்மைக்கே என்பதுபோல, நிகழ்வது என்று ஒரு கணம் படிக்க இடம் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 10:30

நான் அப்படித்தான் படித்தேன். "நிற்பது" மேலே இருந்தும்கூட, முதலில் "நிகழ்வது" என்றுதான் போனேன், பிறகு திரும்பி வந்தேன். "நடமாடுவதற்கு" 23 குறி, இரண்டு வரியும் சேர்த்து 44. மூன்றரை நொடிக்கு நொடிக்கு 12.6தான் வருகிறது. அந்த இரண்டு குறிக்காக அழகு பார்க்க வேண்டாம்.

---

பூசலாரடி | வியாழன், காலை 7:15

மனசு இல்லை, உடம்புதான் என்று அந்தச் சகோதரி சொன்ன பிறகு வசனத்தை மறுபடி படித்தேன். சரிதான். ஒரு சந்தேகம், முதல் அடிக்கு என்ன போட்டீர்கள்? "உள்ளவரு" என்பதை "உள்ளவர்" என்றே விட முடியாதா?

---

வரிவெட்டி | வியாழன், காலை 7:50

கன்னடத்தில் உள்ளவர் என்றால் பொருள் படைத்தவர். தமிழில் "உள்ளவர் சிவாலயம் செய்வார்" என்றால் எங்கே உள்ளவர் என்று கேட்கத் தோன்றும். "இருக்கப்பட்டவர்" பேச்சில் அருமையான சொல், நீளமாகிறது. "உடையவர்" போட்டுப் பார்த்தேன், வைணவ வீட்டு நண்பர் ஒருவர் உடனே ராமானுஜரா என்று கேட்டார். கடைசியில் இப்படி:

செல்வர் சிவாலயம் செய்வார்,
ஏழை நான் என்ன செய்வேன் ஐயா?

கட்டுவார் என்பதுதான் இயல்பு, ஆனால் மூலத்தில் "மாடுவரு, மாடலி" என்று ஒரே வினை இரண்டு முறை வருகிறது. அவர் செய்வதையும் நான் செய்ய முடியாததையும் ஒரே சொல்லால் கட்டுகிறார். அது போகக் கூடாது என்று "செய்வார், செய்வேன்" வைத்தேன். அடுத்தது "என் கால்களே தூண், உடலே கோயில், / தலை பொன் கலசம் ஐயா." அதில் சிக்கல் இல்லை.

---

பழஞ்சுவடி | வியாழன், காலை 8:30

முத்திரையை என்ன செய்தீர்கள்? கூடலசங்கமதேவன் என்பது பசவண்ணரின் எல்லா வசனத்திலும் வரும் கையெழுத்து மாதிரி. ஆங்கிலத்தில் ஏ.கே. ராமானுஜன் அதை மொழிபெயர்த்தே போட்டார், ஆறுகள் கூடும் இடத்து இறைவன் என்கிற பொருளில். கிருஷ்ணாவும் மலப்பிரபாவும் கூடும் இடம் அல்லவா. தமிழிலும் அப்படிச் செய்யலாமா?

---

ஓசூர்க்காரி | வியாழன், காலை 8:55

ஆங்கிலத்துக்கு அது தேவைப்பட்டது ஐயா. நமக்குக் கூடல் என்றாலும் புரியும், சங்கமம் என்றாலும் புரியும். பெயரை அப்படியே விட்டாலே பாதிப் பொருள் உள்ளே இருக்கிறது. தாத்தா வாயில் வரும் பெயரும் அதுவேதான். "கேட்டருள்வாய்" மட்டும் வேண்டாம். அவர் கும்பிட்டுக் கேட்கவில்லை, "கேளய்யா" என்று தோளில் கை போட்டுச் சொல்கிறார்.

---

வரிவெட்டி | வியாழன், இரவு 9:20

அதைத்தான் செய்தேன். கூடலசங்கமனையும் கடைசி வாக்கியத்தையும் ஒரே சப்டைட்டிலில் அடைக்க நினைத்ததுதான் என் முதல் தவறு. விளியைச் சொல்ல அவருக்கு முழுசாக இரண்டு நொடி ஆகிறது, அது தனியாகவே நிற்கும். இயக்குநரிடம் அனுப்பிய வடிவம்:

```
41
00:12:08,200 --> 00:12:10,200
கூடலசங்கமதேவா, கேளய்யா!

42
00:12:10,300 --> 00:12:13,800
நிற்பதற்கு அழிவுண்டு,
நடமாடுவதற்கு அழிவில்லை.
```

"உயிருக்கு" என்ற சொல் எங்கே என்று அவர் கேட்டார். மூலத்தில் உயிர் இல்லை, தாத்தாவின் கை நெஞ்சில் இருக்கிறது என்று சொல்லி அந்தத் துண்டை ஓட்டிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டுச் சரி என்றார். மனைவிக்கும் காட்டினேன், இந்த முறை காட்சி மாறும் முன்பே நிமிர்ந்துவிட்டாள்.

பழஞ்சுவடி ஐயா, அடியார் என்ற பொருள் இதில் முழுசாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். "நடமாடுவோர்க்கு அழிவில்லை" என்றும் எழுதிப் பார்த்தேன். ஆள் உள்ளே வருகிறார், ஆனால் மேல்வரி அஃறிணை, கீழ்வரி உயர்திணை என்று இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. நடமாடுகிறவர்கள் சாக மாட்டார்கள் என்று படிக்கவும் இடம் தருகிறது.

---

பழஞ்சுவடி | வியாழன், இரவு 10:05

திணை மாறுவதைத்தான் நான் விரும்புகிறேன் தம்பி. மேலே பொருள், கீழே ஆள். வசனமே அந்த இடத்தில் கல்லிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறது. "நடமாடுவதற்கு" என்றால் ஜங்கமர் வெறும் அசைவாகிவிடுகிறார். உங்கள் காரணங்கள் புரிகின்றன, ஆனாலும் நான் "நடமாடுவோர்க்கு" பக்கம்தான்.

---

ஓசூர்க்காரி | வியாழன், இரவு 10:30

நான் "நடமாடுவதற்கு" பக்கம். கை நெஞ்சில் இருக்கும்போது ஆள் யார் என்று எழுத்து சொல்ல வேண்டாம். படம் வெளிவரும்போது இங்கே சொல்லுங்கள் தம்பி, என் மாமியாருக்குக் காட்ட வேண்டும். இந்த வசனம் அவருக்குக் கன்னடத்தில் மனப்பாடம். தமிழில் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.